ஒரே பத்தி, ஒரே தாள்: பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு வாசிப்புப் பயிற்சியும் கடிதப் பயிற்சியும்

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில் வாசித்துப் புரிந்துகொண்டு எழுதும் பகுதி இரண்டு இடங்களில் வருகிறது. துணைப்பாடக் கதையிலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்து அதன்கீழ்க் கேட்கும் ஐந்து மதிப்பெண் வினா ஒன்று. பாடநூலில் இல்லாத பத்தி ஒன்றைக் கொடுத்து, நான்கு வினாக்களுக்கு இரண்டிரண்டாக எட்டு மதிப்பெண் வழங்கும் 47ஆம் வினா மற்றொன்று. கடிதத்துக்கு ஐந்து மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் 100க்கு 18. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் மாற்று வினா உண்டு என்றாலும், மனப்பாடத்தில் பின்தங்கும் மாணவருக்குக் கைகொடுக்கக்கூடியவை இவைதாம். ஏனெனில் பத்தியில் விடை கண்ணெதிரே இருக்கிறது, கடிதத்தில் பாதி எப்போதும் மாறாதது. அப்படியிருந்தும் அரசுப் பள்ளியின் தமிழ் வழி வகுப்புகளில் நான் திருத்தும் தாள்களில் இந்த மதிப்பெண்கள்தாம் அதிகமாகச் சிதறிப்போகின்றன. அதற்காக நான் தயாரித்துப் பயன்படுத்திவரும் பயிற்சித் தாளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். முன்பக்கத்தில் வாசிப்பு, பின்பக்கத்தில் கடிதம், இரண்டுக்கும் ஒரே பத்தி என்பதே அதன் அமைப்பு. முன்பக்கத்தில் மாணவர் கண்டெடுக்கும் விடைகளே பின்பக்கத்துக் கடிதத்தின் சரக்காகின்றன.

எடுத்துக்காட்டாக ஆறாம் அலகின் துணைப்பாடமான ஹாலந்துச் சிறுவன் பீட்டரின் கதையை எடுத்துக்கொள்கிறேன். நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குத் தாழ்வாக உள்ள நாடு, கடலைத் தடுத்து நிற்கும் கரை, அக்கரையில் சிறு ஓட்டை விழுந்து நீர் கசிவதைக் காணும் சிறுவன், இரவு முழுவதும் அதைத் தன் விரலால் அடைத்து ஊரைக் காப்பாற்றுதல் என்று கதை எல்லாருக்கும் தெரிந்ததே. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் நீதியன்று. ஏரிக்கரை, மதகு, கசிவு ஆகியவற்றை எங்கள் பிள்ளைகள் அறிவார்கள். மழைக்காலத்தில் கரை உடையுமோ என்று ஊரே விழித்திருந்த இரவுகளை அவர்களில் பலர் பார்த்திருக்கிறார்கள். பத்தி சொல்லும் பொருள் தெரிந்ததாக இருந்தால், மாணவர் தடுமாறுவது மொழியிலா, பொருளிலா என்ற குழப்பம் திருத்துகிறவருக்கு வராது.

கதை முழுவதையும் தாளில் அச்சிடக் கூடாது. ஒரு துண்டே போதும். பீட்டர் பார்வையற்ற நண்பரிடம் பணியாரங்களைக் கொடுத்துவிட்டு, இருட்டுமுன் திரும்ப வேண்டும் என்ற தாயின் விருப்பம் நினைவுக்கு வர, விடைபெற்றுக் கரைமீது நடந்து வருவதில் தொடங்கி, நீர் கசியும் ஓசையைக் கேட்டுக் கீழே குனிந்து பார்த்து ஓட்டையைக் காண்பதில் முடியும் பகுதியை நான் வெட்டி எடுக்கிறேன். எங்கே வெட்டுகிறோம் என்பது நாம் நினைப்பதைவிட முக்கியமானது. இந்தத் துண்டின் முதல் வாக்கியத்தில் மூலத்தில் பீட்டரின் பெயர் இல்லை, 'அவன்' என்ற பொருள்தரும் 'ஹீ' என்ற சொல்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய வரியில் இருப்பவரோ பார்வையற்ற நண்பர். துண்டை அப்படியே அச்சிட்டால், கதை மறந்துபோன மாணவர் 'ஹீ' என்பது அந்த நண்பரைக் குறிப்பதாக எடுத்துக்கொண்டு, தொடர்ந்து வரும் வினாக்கள் எல்லாவற்றையும் தவறாக எழுதுவார். எனவே முதல் வாக்கியத்தில் மட்டும் 'ஹீ' என்பதை எடுத்துவிட்டு 'பீட்டர்' என்று போடுகிறேன். பாடநூல் வரியில் கை வைக்கலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஒரு சொல்லை மாற்றுவதில் பாடநூலுக்கு ஒன்றும் குறைவில்லை. மாற்றாவிட்டால் மாணவருக்கு ஐந்து மதிப்பெண் குறையும். சுட்டுச் சொல் எதுவானாலும் அது யாரைக் குறிக்கிறது, எதைக் குறிக்கிறது என்பது துண்டுக்கு உள்ளேயே கிடைக்க வேண்டும் என்பதுதான் வெட்டும்போது பார்க்கவேண்டிய ஒரே விதி.

தட்டச்சு பற்றி ஒரு சிறு குறிப்பு. பாடநூலின் மின்பதிப்பிலிருந்து பகுதியை நகலெடுத்து ஒட்டினால், படத்தைச் சுற்றி அமைந்த வரிகளும் ஓரத்துச் சொற்பொருள் பெட்டிகளும் கலந்துவிடும்; மேற்கோள் குறிகள் காணாமற்போகும். பத்து நிமிடம் செலவழித்து நாமே தட்டச்சு செய்துவிடுவது நல்லது. அப்படிச் செய்யும்போது வரிகளுக்கு எண் இட வேண்டும். ஐந்து வரிக்கு ஒரு முறை என்று பெரிய நூல்களில் இருப்பதுபோல் இடாமல், ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்க ஓரத்தில் எண் இடுகிறேன். இந்த எண்கள் ஏன் என்பது கீழே வருகிறது.

வினாக்கள் ஐந்து. முதலாவது, நீர்மட்டம் உயர்ந்ததற்குக் காரணம் எது என்று நேரடியாகக் கேட்பது. பத்தியில் மழை என்று இருக்கிறது, தேடி எடுத்தால் போதும். இரண்டாவது, பீட்டர் எதற்காக மகிழ்ந்தான் என்பது. பத்தியில் பீட்டர் தன் தந்தையின் மதகுக் கதவுகளை நினைத்து, 'ஐ ஆம் க்ளாட் தே ஆர் ஸோ ஸ்ட்ராங்' என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். மூன்றாவது, அந்த வாக்கியத்தில் உள்ள 'தே' என்பது எதைக் குறிக்கிறது என்பது. நான்காவது, நேரமாகிவிட்டது என்பதை பீட்டர் எதைக் கண்டு உணர்ந்தான் என்பது. இதில் வினாவில் வரும் 'நேரமாகிவிட்டது' என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல் பத்தியில் எங்கும் இல்லை, சூரியன் மறைவதும் இருட்டிக்கொண்டு வருவதுந்தான் இருக்கின்றன. ஐந்தாவது, தாயின் விருப்பத்தை பீட்டர் சற்று நேரம் மறந்துபோனான் என்பதைக் காட்டும் செயல் எது என்பது. வழியில் நின்று நீல நிறப் பூக்களைப் பறித்தது விடை. முயல்களின் மெல்லிய காலடியை நின்று கேட்டது என்று எழுதினாலும் சரிதான்.

இந்த வரிசையில் ஒரு நோக்கம் இருக்கிறது. கைடுகளில் வரும் வினாக்கள் பெரும்பாலும் பத்தியில் உள்ள வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டவை. வினாவில் உள்ள பெரிய சொல் ஒன்றைப் பத்தியில் தேடி, அது இருக்கும் வாக்கியத்தை முழுப்புள்ளி வரை அப்படியே எடுத்து எழுதினால் அவற்றுக்கு மதிப்பெண் கிடைத்துவிடும். எங்கள் மாணவர்களுக்கு இந்த வித்தை நன்றாகவே தெரியும். பொருள் புரியாமலேயே விடை எழுதிவிடலாம். ஆனால் 47ஆம் வினாவின் பத்தியில் வினாவும் வரியும் வேறு வேறு சொற்களில் அமைந்துவிட்டால் அந்த வித்தை அங்கே பலிக்காது. நேரடி வினா ஒன்றாவது இருந்தால்தான் மெல்லக் கற்பவர் தாளைத் தொடுவார். சொல் மாறிய வினா ஒன்றாவது இருந்தால்தான் நமக்கு உண்மை தெரியும்.

இனி அந்த வரி எண்கள். ஒவ்வொரு வினாவின் வலப்பக்கத்திலும் ஒரு சிறு கட்டம் அச்சிட்டிருப்பேன். விடையை எழுதுவதற்கு முன், அது பத்தியின் எந்த வரியில் கிடைத்தது என்ற எண்ணை அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். என் தாளில் எனக்கு மிகவும் பயன்பட்டது இந்தக் கட்டம்தான். தவறான விடைகளை இது இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. வரி எண் சரியாக இருந்து விடை தவறாக இருந்தால், அந்த மாணவருக்கு வாசிப்பு வருகிறது, வாக்கியம் அமைக்க வரவில்லை. வரி எண்ணே தவறாக இருந்தால், வினாவோ பத்தியோ புரியவில்லை. இருவருக்கும் வெறும் பூச்சியம் போட்டு, 'மறுபடியும் படி' என்று அனுப்பினால் முதலாமவருக்குத் தேவையில்லாத வேலையையும் இரண்டாமவருக்கு இயலாத வேலையையும் கொடுத்தவர்களாவோம். நான்காம் வினாவில் தாய் காத்திருப்பாளே என்று பீட்டர் எண்ணும் வரியின் எண்ணை எழுதியவர்கள் பலர். அவர்களுக்கு இருட்டும் வரியும் தெரியும், ஆனால் 'எதைக் கண்டு' என்ற வினாச்சொல்லைக் கவனிக்கவில்லை. அவர்களுக்குப் பத்தியைத் திரும்ப விளக்க வேண்டியதில்லை. வினாச்சொற்களை மட்டும் வைத்துக் கால் மணி நேரம் பயிற்சி கொடுத்தால் போதும்.

வரி சரி, வாக்கியம் தவறு என்ற கூட்டத்தில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று இரண்டாம் வினாவில் நேர்வது. பீட்டர் ஏன் மகிழ்ந்தான் என்று கேட்டால், மேற்கோள் குறிக்குள் இருப்பதை அப்படியே எடுத்து 'ஐ ஆம் க்ளாட்' என்று எழுதிவிடுகிறார்கள். மகிழ்ந்தது பீட்டரா, விடை எழுதுகிற மாணவரா என்று வேடிக்கையாகக் கேட்டால் வகுப்பே சிரிக்கும். அடுத்த தாளில் அதே பிழை மீண்டும் வரும். சிரிப்பு உதவாது என்று தெரிந்துகொண்டு, இப்போது பத்தியில் மேற்கோள் குறிகளுக்குள் வரும் 'ஐ', 'மை', 'வீ' ஆகிய சொற்களை முதல் வாசிப்பிலேயே பென்சிலால் வட்டமிட்டு, மேலே பேசியவரின் பெயரை எழுதச் சொல்கிறேன். 'ஐ' என்பதன் மேல் பீட்டர் என்று எழுதியிருந்தால், விடையில் 'பீட்டர் வாஸ் க்ளாட்' என்பது பெரும்பாலும் தானாக வந்துவிடுகிறது. மூன்றாம் வினாவையும் இதே வட்டம் தீர்த்துவிடும். 'தே' என்பதன் மேல் கதவுகள் என்று எழுதியவர் அதை அலைகள் என்று எழுதமாட்டார்.

மற்றொரு பிழை 'டிட்' என்ற சொல்லால் வருவது. 'வாட் டிட் பீட்டர் ஹியர்' என்று வினா இருந்தால், விடையில் 'பீட்டர் ஹியர்' என்றோ, 'பீட்டர் டிட் ஹியர்' என்றோ, இன்னும் கொஞ்சம் படித்தவர் 'டிட் ஹெர்ட்' என்றோ எழுதுகிறார். பத்தியில் 'ஹெர்ட்' என்ற இறந்தகால வடிவம் எதிரிலேயே இருக்க, கண் அதை விட்டுவிட்டு வினாவில் உள்ள வடிவத்தையே பிடித்துக்கொள்கிறது. இதற்காகத் தாளின் அடியில் ஒரே ஒரு வரி இடுகிறேன்: வினாவில் 'டிட்' இருந்தால் வினைச்சொல்லைப் பத்தியிலிருந்து எடு, வினாவிலிருந்து எடுக்காதே. இலக்கணப் பெயர்கள் எதுவும் வேண்டாம். இந்த வரியைத் தமிழிலேயே அச்சிடுகிறேன். ஆங்கிலத் தாளில் தமிழ் இருக்கலாமா என்ற கூச்சம் எனக்கு இல்லை.

பாடநூல் பத்தியை வைத்துத் தாள் தயாரிப்பதில் ஓர் ஆபத்து உண்டு. கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மாணவர் பத்தியை வாசிக்காமலேயே விடை எழுதக்கூடும். இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. தாளை வகுப்புக்குக் கொடுப்பதற்கு முதல் நாள், வினாக்களை மட்டும் நான்கைந்து பேரிடம் கொடுத்துப் பத்தி இல்லாமல் எழுதச் சொல்வேன். எல்லாரும் சரியாக எழுதிவிடும் வினா வாசிப்பைச் சோதிக்கவில்லை, நினைவைத்தான் சோதிக்கிறது. பீட்டர் ஓட்டையை எதனால் அடைத்தான் என்ற வினாவை அப்படித்தான் நீக்கினேன். கதையின் படத்தைப் பார்த்தவருக்குக்கூட அதற்கு விடை தெரியும். நீல நிறப் பூக்களும் முயல்களும் கதையைக் கேட்ட எவர் நினைவிலும் தங்குவதில்லை. அவற்றைக் கேட்டால் பத்திக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

இனித் தாளைத் திருப்பினால் கடிதம். கரையில் கசிவைக் கண்ட ஒருவர் நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்கு எழுதும் முறையான கடிதம்தான் வினா. ஹாலந்து எங்கே, நம் ஊர் எங்கே என்று தோன்றலாம். பத்தியிலிருந்து எடுத்துக்கொள்வது ஊரையன்று, செய்தியை: மழையால் நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது, கரையின் ஓரிடத்தில் சிறு ஓட்டை, அதன் வழியே நீர் கசியும் ஓசை, இருட்டும் நேரம். இந்த நான்கும் முன்பக்கத்தில் மாணவர் தேடிய வரிகளிலும் அவற்றை ஒட்டிய வரிகளிலும் இருப்பவை. அவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள் பத்தியிலேயே எழுத்துப் பிழையின்றி அச்சாகியிருக்கின்றன. கடிதத்தின் உடல் பகுதியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விழிப்பவருக்கு இதைவிட அருகில் வேறு சரக்கு கிடைக்காது.

இப்படிச் செய்ய வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மாணவர் ஒரே ஒரு கடிதத்தை மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்கு வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் தெருவிளக்குக் கடிதம். வினா எதுவாக இருந்தாலும் அதுதான் வரும். குடிநீர்க் குழாய் உடைந்ததைப் பற்றி எழுதச் சொன்ன வினாவுக்கு, பொருள் வரியில் மட்டும் குடிநீர் என்று மாற்றிவிட்டு, உள்ளே இரவில் இருட்டாக இருப்பதால் முதியோர் தடுக்கி விழுகிறார்கள் என்று எழுதிய தாளை நான் திருத்தியிருக்கிறேன். அவருடைய வடிவமைப்பில் ஒரு குறையும் இல்லை. அதற்குரிய மதிப்பெண்ணைக் கொடுத்தேன், உள்ளடக்கத்துக்குக் கொடுக்க வழியில்லை. வடிவத்தையும் உடலையும் ஒரே கட்டாக மனப்பாடம் செய்யவைப்பதால் வரும் கோளாறு இது. அவ்விரண்டையும் தாளிலேயே பிரித்துக் காட்ட வேண்டும்.

வடிவத்தைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை என்பது என் எண்ணம். தமிழ்த் தாளில் அவர்கள் எழுதும் முறையான கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், நன்றி, இப்படிக்கு, இடம், நாள், உறைமேல் முகவரி என்று எல்லாம் இருக்கிறது. ஆங்கிலக் கடிதமும் ஏறத்தாழ அதே வரிசைதான். பின்பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டையில் தமிழ்ச் சொற்களை மேலிருந்து கீழாக அச்சிட்டு, அவற்றுக்கு நேராக ஆங்கிலக் கடிதத்தின் இடங்களைக் காலியாக விட்டேன். அனுப்புநருக்கு நேராக 'ஃப்ரம்', பெறுநருக்கு நேராக 'டூ', பொருளுக்கு நேராகச் 'சப்' என்று எழுதும்போது, புதிதாகக் கற்கிறோம் என்ற அச்சம் அவர்கள் முகத்தில் இல்லை. 'இது நம்ம தமிழ் லெட்டர்தானே மிஸ்' என்று ஒரு மாணவி சொன்ன பிறகுதான், அந்தப் பட்டையைத் தாளில் நிரந்தரமாக வைத்தேன்.

இடமும் நாளும் எங்கே வர வேண்டும் என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. மேலே வலப்பக்கம் எழுதச் சொல்பவர்களும் உண்டு, கையொப்பத்துக்கு எதிரே கீழே இடப்பக்கம் எழுதச் சொல்பவர்களும் உண்டு. இரண்டில் எது என்பதைவிட, ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு முடியும்வரை ஒன்றையே சொல்வதுதான் முக்கியம். நடுவில் மாற்றினால் சிலர் இரண்டு இடங்களிலும் எழுதுவார்கள், சிலர் இரண்டிலும் விட்டுவிடுவார்கள்.

வடிவத்தில் மதிப்பெண் போகும் இடங்கள் சிலவே. 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்பதில் முதற்சொல்லின் கடைசி எழுத்துக்கு முன்னால் மேற்குறி இடுவது மிகப் பரவலான பிழை. இரண்டாம் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவது அடுத்தது. இந்த இரண்டையும் கரும்பலகையில் நூறு முறை சொல்வதைவிட, தாளில் அந்தத் தொடரைப் புள்ளிக்கோடுகளாக அச்சிட்டு, மேலே எழுதிப் பார்க்கவைத்தால் கை பழகிவிடுகிறது. உறைமேல் முகவரி என்ற கட்டத்தில் பெறுநரின் முகவரிக்குப் பதிலாகத் தன் முகவரியை எழுதுவது மூன்றாவது. கட்டத்தின் மூலையில் ஓர் அஞ்சல்தலையை வரைந்துவைத்து, 'தபால்காரர் இதை யாரிடம் கொடுக்க வேண்டும்' என்று கேட்டால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னொன்று, பொதுத்தேர்வில் தன் பெயரையும் பள்ளியின் பெயரையும் விடைத்தாளில் காட்டக் கூடாது. வினாவில் பெயர் கொடுத்திருந்தால் அதை எழுத வேண்டும்; இல்லாவிட்டால் பெயருக்கு மூன்று எக்ஸ், ஊருக்கு மூன்று ஒய் என்று எழுதுவது வழக்கம். வகுப்புத் தேர்வுகளில் சொந்தப் பெயரை எழுதிப் பழகியவர் பொதுத்தேர்விலும் பழக்கத்தில் எழுதிவிடுவார் என்பதால், முதல் தாளிலிருந்தே அந்த எழுத்துகளைத்தான் எழுதச் சொல்கிறேன்.

உடல் பகுதிக்கு ஐந்து வாக்கியம் போதும். முதல் வாக்கியம் எழுதுபவர் யார், எந்த ஊர் என்பது. அடுத்த மூன்றும் பத்தியிலிருந்து வருபவை: கடந்த சில நாள் மழையில் ஏரியின் நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது, மதகுக்கு அருகில் கரையில் சிறு ஓட்டை வழியாக நீர் கசிகிறது, இப்போதே அடைக்காவிட்டால் ஓட்டை பெரிதாகி, வயல்களுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் நீர் புகும். ஐந்தாவது, உடனே ஆளனுப்பிக் கரையைச் சரிசெய்யும்படி கேட்டுக்கொள்வது. இதில் மாணவர் பெரிதும் தடுமாறியது இரண்டாம் வாக்கியத்திலும் மூன்றாம் வாக்கியத்திலுந்தான். பத்தி இறந்தகாலத்தில் இருக்கிறது, கடிதமோ இப்போது நடப்பதைச் சொல்கிறது. 'தேர் வாஸ் எ ஸ்மால் ஹோல்' என்று பத்தியில் இருப்பதை அப்படியே எழுதினால், ஓட்டை இப்போது இல்லை என்று பொறியாளர் நினைத்துக்கொள்வார். ஒரு மாணவன் எழுதிய கடிதத்தில் எல்லாமே இறந்தகாலத்தில் இருந்தது. கடைசி வரியில் மட்டும் உடனே வந்து அடைக்கும்படி வேண்டியிருந்தான். அதைப் பெயர் சொல்லாமல் வகுப்பில் வாசித்து, பொறியாளர் கிளம்புவாரா என்று கேட்டேன். 'ஏற்கெனவே முடிஞ்சு போச்சுன்னு கடிதத்தை மடிச்சு வச்சுடுவாரு' என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. அதன் பிறகு, பத்தியின் வினைச்சொல்லை ஒரு பக்கமும் கடிதத்தின் வினைச்சொல்லை எதிர்ப்பக்கமும் எழுதும் மூன்று வரி அட்டவணை ஒன்றைக் கடிதத்துக்கு மேலே சேர்த்தேன். 'வாஸ்' என்பதற்கு எதிரே 'இஸ்', 'ஹெர்ட்' என்பதற்கு எதிரே 'கேன் ஹியர்' என்று நிரப்பிவிட்டுத்தான் கடிதத்துக்குள் போக வேண்டும்.

அலுவல் சாராத கடிதத்துக்கும் இதே பத்தி உதவுகிறது. பீட்டர் தன் நண்பனுக்கு அந்த இரவைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொண்டால், காலம் மாறவே வேண்டியதில்லை, ஆள்தான் மாறுகிறது. 'பீட்டர் ஹெர்ட்' என்பது 'ஐ ஹெர்ட்' ஆகிறது. இரண்டு கடிதங்களையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து எழுதவைத்தால், வாழ்த்தும் முடிப்பும் எப்படி இணையாகப் போகின்றன என்பது தெரிந்துவிடும். நண்பனுக்கு 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடிப்பவர்கள் வெகுவாகக் குறைகிறார்கள். இதற்கு மேல் அலுவல் சாராத கடிதத்துக்கு நான் தனித் தாள் தயாரிப்பதில்லை.

அச்சிட்ட உதவிகளைப் படிப்படியாக எடுத்துவிடுவது இந்த வேலையில் பாதி. முதல் தாளில் தமிழ்ப் பட்டை, புள்ளிக்கோட்டுத் தொடர், வினைச்சொல் அட்டவணை, முகவரிகள் எல்லாம் இருக்கும். உடல் மட்டுமே காலி. வேறு பத்தியைக் கொண்ட அடுத்த தாளில் பட்டையும் அட்டவணையும் இருக்கும், முகவரிகளையும் முடிப்பையும் மாணவரே எழுத வேண்டும். அதற்கடுத்ததில் வெறும் கோடுகள். மூன்றாவது தாளில் பொருள் வரியை விட்டுவிடுகிறவருக்கு மீண்டும் முதல் தாளைக் கொடுப்பதில்லை, இரண்டாவதைத்தான் கொடுப்பேன். முதல் தாளிலேயே அவர்களை வைத்திருந்தால் காலி இடத்தை நிரப்புவதில் வல்லவர்களாவார்கள். வெள்ளைத் தாளில் எங்கே தொடங்குவது என்பது கடைசிவரை தெரியாது.

47ஆம் வினாவுக்கு இந்தத் தாள் நேரடியாகப் போதாது. அங்கே வருவது தெரியாத பத்தி. வரி எண் கட்டம், வட்டமிடுதல் ஆகிய பழக்கங்கள் கையில் வந்தபின் மற்ற வகுப்பு நூல்களிலிருந்து பத்திகளை எடுக்கிறேன். எட்டாம் வகுப்புப் பாடநூல் இதற்கு ஏற்றது: மொழி எளியது, கதை பெரும்பாலும் மறந்துபோயிருக்கும். மற்ற பாடங்களின் ஆங்கில வழி நூல்களும் உதவும். சமூக அறிவியலின் ஆங்கில வழிப் பத்தி ஒன்றைக் கொடுத்தபோது, தமிழில் ஏற்கெனவே படித்த பொருள் என்பதால் கடினமான சொற்களையும் ஊகித்துக்கொண்டார்கள். ஆனால் வரி எண் கட்டத்தை நிரப்பச் சொன்னதும், சிலர் பத்தியில் இல்லாத செய்தியைத் தம் நினைவிலிருந்து எழுதியிருந்தது வெளிப்பட்டுவிட்டது. தேர்வறையில் அந்தக் கட்டம் இருக்காது என்பதால், வினாத்தாளில் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் வினா எண்ணைக் குறித்துக்கொள்ளும்படி அரையாண்டுக்குப் பின் மாற்றிவிடுகிறேன்.

விடைக்குறிப்பைத் தாளுடன் சேர்த்து நகலெடுக்காமல் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. சேர்த்து எடுத்தால் அது அன்று மாலையே வகுப்பு முழுவதும் சுற்றிவரும். குறிப்பில் சரியான விடையுடன் ஏற்கத்தக்க வேறு விடைகளையும், அரை மதிப்பெண் எதற்கு என்பதையும் எழுதிவைக்கிறேன். முழு வாக்கியத்தையும் தூக்கி எழுதியிருந்தால், அதற்குள் விடை இருந்தாலும் அரை மதிப்பெண். விடையை மட்டும் சொந்த வாக்கியத்தில் எழுதி ஓர் எழுத்துப் பிழை இருந்தால் முழு மதிப்பெண். இது என் வகுப்புக்கான கணக்கு. பொதுத்தேர்வுத் திருத்தத்துக்கு உரிய விடைக்குறிப்பு வேறு. விடை எழுத விடும் கோடுகளின் எண்ணிக்கையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரு கோடு விட்டால் ஒரு சொல் எழுதுகிறார்கள், நான்கு கோடு விட்டால் பத்தியைப் பாதி நகலெடுக்கிறார்கள். இரண்டு கோடுகள், எழுத்தளவு 13, ஏ4 தாளின் இரு பக்கமும் என்பதில் இப்போது நிற்கிறேன். பின்பக்கத்து மை முன்பக்கம் தெரியாத தாளாகப் பார்த்து வாங்க வேண்டும், மெல்லிய தாளில் வரி எண்கள் மறுபக்கத்துக் கோடுகளோடு கலந்து குழப்பிவிடும்.